ரெக்ரூட்டர் கண்ணில் படும் முதல் 35 எழுத்துகள்: வேலை கேட்டு அனுப்பும் மெயிலுக்கு சப்ஜெக்ட் எழுதுவது எப்படி?

“அப்ளை பண்ணி ரெண்டு வாரம் ஆச்சு. ‘நீங்க செலக்ட் ஆகல’ன்னுகூட ஒரு பதில் வரல.” வேலை தேடும் பலரிடமும் கேட்கக் கிடைக்கிற புலம்பல் இது. ரெஸ்யூம் சரியில்லையோ, மார்க் பத்தலையோ, அனுபவம் போதவில்லையோ என்று சந்தேகம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஆனால், ரெஸ்யூம் கண்ணில் படுவதற்கு முன்னால் ரெக்ரூட்டர் இரண்டு முறை விரல் வைக்க வேண்டியிருக்கிறது. மெயிலைத் திறக்க ஒன்று, அட்டாச்மென்ட்டைத் திறக்க இன்னொன்று. அந்த முதல் தொடுதல் நடக்குமா என்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரியைப் பொறுத்தது. அதுதான் சப்ஜெக்ட் லைன்.

அதில் என்ன எழுதுவது, எதை முதலில் எழுதுவது, எதை விட்டுவிடுவது? ஒரே ஒரு வேலை விளம்பரத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம்.

ரெக்ரூட்டர் படிப்பதில்லை, பிரிக்கிறார்

ஒரு ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். கன்சல்டன்சியில் இருப்பவர் என்றால், பல கம்பெனிகளுக்காகவும் தேடுவார். அவருடைய இன்பாக்ஸில் விண்ணப்பங்கள் மட்டும் வருவதில்லை. “இன்டர்வியூவை நாளைக்கு மாத்த முடியுமா?” என்று ஒருவர் கேட்டிருப்பார். “ஆஃபர் லெட்டர் எப்போ வரும்?” என்று இன்னொருவர் கேட்டிருப்பார். “அந்த போஸ்ட்டுக்கு ஆள் கிடைச்சாச்சா?” என்று மேனேஜர் விரட்டியிருப்பார். இவற்றுக்கு நடுவில்தான் உங்கள் மெயிலும் கிடக்கிறது.

எனவே முதல் சுற்றில் அவர் எந்த மெயிலையும் ஆற அமரப் படிப்பதில்லை. எது எந்த வேலைக்கு வந்தது என்று பிரிக்கிறார். அப்போது அவர் மனதில் ஓடுவது மூன்று கேள்விகள். எந்த வேலைக்கு? அடிப்படைத் தகுதி பொருந்துகிறதா? யார் இவர்? இந்த மூன்றுக்கும் மெயிலைத் திறக்காமலேயே பதில் தெரிந்துவிட்டால், அவருக்கு ஒரு வேலை மிச்சம். உங்கள் மெயில் சரியான கட்டில் போய்ச் சேரும்.

சப்ஜெக்ட் லைனை ஒரு விளம்பர வாசகம்போல நினைத்து, ஆர்வத்தைத் தூண்டும்படி எழுத வேண்டும் என்று சிலர் முயற்சி செய்கிறார்கள். மளிகைக் கடை டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளை நினைத்துக்கொள்வது இதைவிட உதவும். துவரம் பருப்பு டப்பாவில் ‘துவரம் பருப்பு’ என்று இருந்தால் போதும்.

போனில் எவ்வளவு தெரியும்?

கம்ப்யூட்டர் திரையில் ஏறக்குறைய 60 எழுத்துகள் அல்லது அதற்கும் மேல் சப்ஜெக்ட் தெரியும். போனில் அந்த இடம் சுருங்கிவிடும். போன் மாடல், எழுத்தின் அளவு, பயன்படுத்தும் ஆப் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும் என்றாலும், 35 முதல் 40 எழுத்துகள் வரை தெரியும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சொற்களுக்கு இடையே விடும் இடைவெளியும் இந்தக் கணக்கில் சேரும். மீதி வெட்டப்பட்டு, மூன்று புள்ளிகள் வந்துவிடும்.

வெட்டு எப்போதும் பின்பக்கத்தில்தான் விழுகிறது. ஆகவே சப்ஜெக்ட் மொத்தம் எவ்வளவு நீளம் என்பதைவிட, முதல் 35 எழுத்துக்குள் எது வந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒரு விளம்பரம், மூன்று முயற்சிகள்

ஒரு விளம்பரம் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை: ஜாவா டெவலப்பர். ஜாப் கோட்: JD-1147. அனுபவம்: 2 முதல் 4 ஆண்டுகள். இடம்: சென்னை. நோட்டீஸ் பீரியட் 30 நாளுக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. ஸ்பிரிங் பூட் தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பிப்பவர் பெயர் பிரியா என்று வைத்துக்கொள்வோம். கோவையில் 3 ஆண்டுகளாக ஜாவாவில் வேலை பார்க்கிறார். நோட்டீஸ் பீரியட் 15 நாள். தகுதி அத்தனையும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை அவர் எப்படிச் சொல்வது?

நம்மில் பலர் கல்லூரிக் காலத்திலிருந்து எழுதிப் பழகிய வடிவம் இது:

```
Applying for the suitable position in your esteemed organization
```

மொத்தம் 64 எழுத்துகள். போனில் 35 எழுத்து தெரிகிறது என்றால், ரெக்ரூட்டர் பார்ப்பது “Applying for the suitable position” வரைதான். எந்த வேலை? தெரியாது. யார்? தெரியாது. முழு வரியும் தெரிந்தாலும் நிலைமை மாறாது. ‘பொருத்தமான வேலை’ எது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை ரெக்ரூட்டர் தலையிலேயே கட்டிவிடுகிறது இந்த வரி.

இரண்டாவது முயற்சி கொஞ்சம் தேவலை:

```
Application for the post of Java Developer (JD-1147) - Priya R
```

வேலை, கோட், பெயர் மூன்றும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. போனில்தான் சிக்கல். “Application for the post of” என்ற முன்னுரையும் அதற்குப் பின் வரும் இடைவெளியும் சேர்ந்து 28 எழுத்துகளை விழுங்கிவிடுகின்றன. 35-வது எழுத்தில் வரி நின்றால் தெரிவது “Application for the post of Java De”. ஜாப் கோட் வெளியே போய்விட்டது. ரெக்ரூட்டருக்கு வந்திருக்கும் மெயில் ஒரு விண்ணப்பம் என்பதை இந்த 28 எழுத்தில் சொல்ல வேண்டியதே இல்லை. வேலையின் பெயரும் கோடும் இருந்தாலே அது புரிந்துவிடும்.

முன்னுரையை வெட்டிவிட்டு, விளம்பரம் கேட்ட விஷயங்களை முன்னால் இழுத்தால் வரி இப்படி ஆகிறது:

```
Java Developer JD-1147 | 3 yrs | 15 days notice | Priya R
```

57 எழுத்துகள். போனில் 35 எழுத்துக்குள் வேலை, கோட், அனுபவம் மூன்றும் வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் முழு வரியும் தெரியும். ‘2 முதல் 4 ஆண்டுகள்’ என்ற நிபந்தனைக்கு ‘3 yrs’ பதில். ‘30 நாளுக்குள்’ என்பதற்கு ‘15 days notice’ பதில். பிரியாவைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சேர்க்கப்படவில்லை. ரெஸ்யூமுக்குள் இருந்த தகவல்தான் வெளியே வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, எதைச் சேர்ப்பது என்பதை விளம்பரமே சொல்லிவிடுகிறது என்பதுதான். விளம்பரத்தில் மூன்று ஊர்கள் இருந்தால், நோட்டீஸ் பீரியடுக்குப் பதில் நீங்கள் விரும்பும் ஊரைப் போடுவது உதவும். நைட் ஷிஃப்ட் கட்டாயம் என்றால், அதற்குத் தயார் என்பதைப் போடலாம். ஆட்களைப் பிரிக்க விளம்பரம் பயன்படுத்தும் நிபந்தனை எதுவோ, அதற்கான பதில்தான் சப்ஜெக்டில் இருக்க வேண்டும். ‘ஹார்ட் வொர்க்கிங்’, ‘பேஷனேட்’ போன்ற சொற்களை வைத்து யாரும் யாரையும் பிரிப்பதில்லை.

ஜாப் கோடை டைப் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள்

முதல் நாள் திறக்கப்படாத மெயிலுக்கும் இரண்டாவது வாய்ப்பு ஒன்று உண்டு. அது தேடல். மேனேஜர் திடீரென்று, “ஜாவா போஸ்ட்டுக்கு வந்ததை எல்லாம் சாயங்காலத்துக்குள்ள அனுப்புங்க” என்பார். ரெக்ரூட்டர் இன்பாக்ஸின் தேடல் பெட்டியில் கோடைத் தட்டுவார். ஜிமெயிலாக இருந்தால் இப்படி:

```
subject:JD-1147
```

பிரியா அவசரத்தில் கோடை JD1147 என்று ஒட்டி எழுதியிருந்தால், அது கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடலுக்கு வேறு சொல். மெயில் பட்டியலில் வராமலே போகலாம். சில ரெக்ரூட்டர்கள், குறிப்பிட்ட கோட் உள்ள மெயில்கள் தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஃபில்டர் போட்டு வைத்திருப்பார்கள். அங்கேயும் இதே கதைதான். ஆகவே விளம்பரத்தில் உள்ள கோடை அப்படியே காப்பி செய்து ஒட்டுவது பாதுகாப்பு.

வேலையின் பெயருக்கும் இது பொருந்தும். விளம்பரம் ‘Java Developer’ என்றால், அதை ‘Software Engineer’ என்றோ ‘J2EE professional’ என்றோ மாற்ற வேண்டாம். உங்கள் இப்போதைய பதவியின் பெயர் வேறாக இருக்கலாம். அதை ரெஸ்யூமில் சொல்லிக்கொள்ளலாம்.

‘சப்ஜெக்டில் இப்படி எழுதவும்’ என்று விளம்பரமே ஒரு வடிவம் கொடுத்திருந்தால், மேலே பார்த்ததை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு, அதை மட்டும் புள்ளி மாறாமல் பின்பற்ற வேண்டும். அந்த இடத்தில் கற்பனைக்கு வேலையே இல்லை.

பெயர்தான் பக்கத்திலேயே தெரிகிறதே, சப்ஜெக்டிலும் எதற்கு?

நியாயமான கேள்வி. இன்பாக்ஸில் அனுப்பியவர் பெயர் தனியாகத் தெரியும். அதனால்தான் மேலே உள்ள வரியில் பெயர் கடைசிக்குப் போனது. போனில் அது வெட்டுப்பட்டாலும் நஷ்டம் இல்லை.

ஆனால், பெயரை மொத்தமாக எடுத்துவிடக் கூடாது. ரெக்ரூட்டருக்கு உங்கள் மெயில் பிடித்துவிட்டால் அடுத்து என்ன செய்வார்? மேனேஜருக்கு ஃபார்வர்ட் செய்வார். அந்த நொடியில் அனுப்பியவர் இடத்தில் ரெக்ரூட்டரின் பெயர் வந்துவிடும். மேனேஜரின் இன்பாக்ஸில் ஒரே ரெக்ரூட்டரிடமிருந்து வந்த ஐந்து மெயில்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் உங்களை அடையாளம் காட்டுவது சப்ஜெக்டில் உள்ள பெயர் மட்டும்தான்.

அனுப்பியவர் பெயரிலும் ஒரு கண் வைக்க வேண்டும். பள்ளி நாளில் தொடங்கிய மெயில் ஐ.டி.யில் செல்லப் பெயரோ, அப்பாவின் பெயரோ இருக்கலாம். ஜிமெயிலில் இதை மாற்ற, கம்ப்யூட்டரில் `Settings` திறந்து, `See all settings`, `Accounts and Import` என்று போனால், `Send mail as` என்ற இடத்தில் `edit info` இருக்கும். ரெஸ்யூமில் உள்ள அதே பெயரை அங்கே கொடுத்துவிடலாம்.

சப்ஜெக்டுக்குக் கீழே இன்னொரு வரி தெரிகிறது

போன் இன்பாக்ஸில் சப்ஜெக்டை அடுத்து, மெயிலின் தொடக்க வரி கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பலருடைய மெயில் “Respected Sir/Madam, I hope this mail finds you well” என்று ஆரம்பிப்பதால், அந்த இடம் முழுக்க நலம் விசாரிப்பிலேயே போய்விடுகிறது.

சப்ஜெக்டில் இடம் கிடைக்காத தகவலை இங்கே வைக்கலாம். பிரியாவின் வரியில் ஸ்பிரிங் பூட் இல்லை. கோவையிலிருந்து சென்னைக்கு வரத் தயாரா என்பதும் இல்லை. அவர் மெயிலை இப்படித் தொடங்கலாம்:

```
Dear Team, 3 years in Java and Spring Boot. In Coimbatore now, ready to move to Chennai.
```

மரியாதையும் குறையவில்லை, சொல்ல வேண்டியதும் முன்னால் வந்துவிட்டது. சப்ஜெக்டில் சொன்னதையே முதல் வரியில் திரும்பச் சொல்லாமல் இருந்தால், மெயிலைத் திறக்காமலேயே இரண்டு வரித் தகவல் ரெக்ரூட்டருக்குக் கிடைக்கும்.

ஃப்ரெஷர் என்றால்?

அனுபவம் என்ற இடத்தில் போட எதுவும் இல்லையே என்ற கவலை வேண்டாம். ஃப்ரெஷர் வேலைகளுக்குப் படிப்பும், படித்து முடித்த ஆண்டும்தான் முதல் வடிகட்டி. ‘2025 பேட்ச் மட்டும்’ என்று விளம்பரங்களிலேயே பார்த்திருப்பீர்கள்.

```
Java Trainee JD-1150 | B.E. CSE 2025 | Priya R
```

இது 46 எழுத்துகள்தான். ‘ஃப்ரெஷர்’ என்ற சொல்லையே போடத் தேவையில்லை. ஆண்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் உங்களைப் பரிந்துரைத்திருந்தால், வேலையின் பெயரையும் கோடையும் அடுத்து `Referred by` என்று போட்டு அவர் பெயரைச் சேர்க்கலாம். ரெக்ரூட்டருக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர் அது. ஆனால், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ரெக்ரூட்டர் அவரை நேரில் விசாரிக்கும்போது அவர் விழித்தால், வரியின் மதிப்பு அங்கேயே போய்விடும்.

விளம்பரமே இல்லாமல், ‘ஏதாவது வேலை இருக்கிறதா?’ என்று அனுப்பும் மெயிலுக்கு ஜாப் கோட் கிடையாது. அப்போதும் ‘எனி வேகன்சி’ என்று எழுதுவதைவிட, எந்தத் துறை, எத்தனை ஆண்டு, எந்த ஊர் என்று மூன்றையும் சொல்வது நல்லது.

```
Java, Spring Boot | 3 yrs | Chennai | Priya R
```

இன்றைக்கு வேலை இல்லாவிட்டாலும், இரண்டு மாதம் கழித்து ரெக்ரூட்டர் தேடும்போது இந்த மெயில் மாட்டும்.

திறக்க வைக்கும், ஆனால் கெடுத்துவிடும்

சில தந்திரங்கள் மெயிலைத் திறக்க வைக்கலாம். திறந்த பிறகுதான் பாதிப்பு. இதுவரை பேசாத ஒருவருக்கு, ஏற்கெனவே நடக்கும் உரையாடல்போல `Re:` என்று போட்டு அனுப்புவது அதில் முதலாவது. பழைய மெயிலைத் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்ததும், அடுத்து உங்கள் ரெஸ்யூமில் உள்ளதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ‘Urgent’ என்பதும் இதே ரகம். அவசரம் உங்களுக்குத்தானே தவிர அவருக்கு இல்லை. முழுக்கப் பெரிய எழுத்துகளும் வரிசையான ஆச்சரியக்குறிகளும் விளம்பர மெயிலின் தோற்றத்தைக் கொடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல், சப்ஜெக்டில் தகவலைக் கொஞ்சம் இழுத்துவிடுவது. 60 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கும்போது ‘Immediate joiner’ என்று போட்டால் மெயில் திறக்கப்படும், போனும் வரும். அந்த முதல் அழைப்பிலேயே, “எப்போ ஜாயின் பண்ண முடியும்?” என்றுதான் கேட்பார்கள். 2 ஆண்டு 4 மாதத்தை ‘3 yrs’ ஆக்கினால், ரெஸ்யூமில் உள்ள தேதிகளே காட்டிக்கொடுத்துவிடும். இந்த விளம்பரம் 2 ஆண்டிலிருந்தே ஏற்கிறது. ‘2.4 yrs’ என்று உள்ளபடி போட்டிருந்தாலே தகுதிக்குள் வந்திருப்பார்.

சப்ஜெக்டைக் காலியாக விடுவதும் நடக்கிறது. அட்டாச்மென்ட் சேர்க்கும் மும்முரத்தில் மறந்துவிடுவோம். அங்கே ‘no subject’ என்றுதான் தெரியும். பழைய விண்ணப்பத்தைக் காப்பி செய்து, வேறு கம்பெனியின் கோட் அப்படியே இருக்க அனுப்பிவிடுவது இன்னொன்று. சப்ஜெக்டை முதலில் எழுதிவிட்டு, மெயில் முகவரியைக் கடைசியாகப் போடும் பழக்கம் இரண்டையும் தடுக்கும். முகவரி இல்லாமல் மெயில் போகாது என்பதால், அனுப்புவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும்.

பதில் வரவில்லை என்றால் புது மெயிலா?

ஒரு வாரம் கழித்து நினைவூட்ட விரும்பினால், நீங்கள் முன்பு அனுப்பிய மெயிலைத் திறந்து, அதற்கே ரிப்ளை செய்து, ரெக்ரூட்டருக்கு அனுப்புங்கள். சப்ஜெக்டைத் தொட வேண்டாம். ஜிமெயில் போன்ற சேவைகளில் பழைய மெயிலும் ரெஸ்யூமும் ஒரே கட்டாக அவர் முன்னால் வந்து நிற்கும். சப்ஜெக்டை ‘Follow up’ என்று மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். எதைப் பற்றிய நினைவூட்டல் என்று அவர் தேட வேண்டிவரும்.

அதே கம்பெனியில் வேறு ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் இது தலைகீழ். பழைய மெயிலுக்கு ரிப்ளை செய்யாமல், புது கோடோடு புது மெயில் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புது விண்ணப்பம் பழைய சப்ஜெக்டுக்குள் புதைந்துவிடும்.

இந்த வரியால் முடியாதது

விளம்பரம் 2 முதல் 4 ஆண்டு அனுபவம் கேட்கிறது, உங்களுக்கு 9 மாதம்தான் என்றால், சப்ஜெக்டை எப்படி எழுதினாலும் பெரிதாக மாறப்போவதில்லை. சொல்லப்போனால், தெளிவான சப்ஜெக்ட் உங்களைச் சீக்கிரமாகவே ஓரம்கட்டும். அதேபோல, ‘எங்கள் தளத்தில் மட்டுமே விண்ணப்பிக்கவும்’ என்று கம்பெனி சொல்லியிருந்தால், அங்கே படிவத்தை நிரப்பாமல் மெயில் மட்டும் அனுப்புவது கணக்கில் வராமல் போகலாம். தகுதி இருந்தும் கண்ணில் படாமல் போகிறவர்களுக்குத்தான் இந்த வரி கைகொடுக்கிறது.

அனுப்பும் முன் ஒரு நிமிடச் சோதனை

மெயிலை முதலில் ஒரு நண்பருக்கு அனுப்புங்கள். உங்களுக்கே அனுப்பிக்கொண்டால், அனுப்பியவர் பெயர் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. மெயிலைத் திறக்காமல், போன் இன்பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். எந்த வேலைக்கு? எவ்வளவு அனுபவம்? யார் அனுப்பியது? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், அதே சப்ஜெக்டோடு ரெக்ரூட்டருக்கு அனுப்பலாம். ஃபார்வர்ட் செய்யாமல் புது மெயிலாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் முன்னால் ஒட்டிக்கொள்ளும் `Fwd:` முதல் 35 எழுத்தில் ஐந்தைத் தின்றுவிடும்.